என்னைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவருக்கு எழுத்தில் பணிப்புரை வழங்குவது எப்படி?

படுவான்கரை_மிஸ்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றில் எட்டு மாதங்களாகக் கடமையாற்றுகிறேன். எனக்கு வயது 29. என் பொறுப்பிலுள்ள பிரிவின் களஞ்சியப் பொறுப்பாளருக்கு வயது 58. என் தகப்பனாரைவிட ஒரு வயது மூத்தவர். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைச் சிறுவனாகப் பார்த்தவர், 2004ஆம் ஆண்டு சுனாமியின்போது நிவாரணப் பொருட்களை இரவு பகலாக லொறியில் ஏற்றி இறக்கியவர். 60 வயதில் ஓய்வு என்பதால் இன்னும் இரண்டு ஆண்டுகள் என்னுடன் இருப்பார். நேரில் எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவர் என்னை "மிஸ்" என்பார், நான் அவரை "ஐயா" என்பேன். எழுத்தில்தான் தடுமாறுகிறேன்.

மாரி தொடங்குவதற்கு முன்னர் களஞ்சியத்திலுள்ள தார்ப்பாய்களின் நிலையை மாவட்டத்துக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. இரவு 8.40 மணிக்கு, பதினேழு பேர் இருக்கும் எங்கள் அலுவலக வாட்சப் குழுவில் இப்படி எழுதினேன்:

"தார்ப்பாய் இருப்பு விவரத்தை நாளை மு.ப. 10.00 மணிக்கு முன்னர் சமர்ப்பிக்கவும். தாமதம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

மறுநாள் காலை அவர் வந்தார், களஞ்சியத் திறப்புக் கோர்வையை என் மேசையில் வைத்தார், ஒன்றும் பேசாமல் போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டார். இருப்பேட்டிலிருந்த எண்ணிக்கையை நானே பார்த்து மாவட்டத்துக்கு அனுப்பினேன். பொருட்களை யாரும் எண்ணவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவருக்குத் தனியாக எழுதினேன்: "ஐயா, நேரம் கிடைக்கும்போது தார்ப்பாய்களை ஒருக்காப் பார்த்துக்கொண்டால் நல்லது." பத்து நாள் கழித்துக் கேட்டபோது, "பாத்தன் மிஸ், இருக்கு" என்றார். உண்மையிலேயே கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். எண்ணவில்லை. நான் எண்ணச் சொல்லி எழுதவும் இல்லை.

முதலாவது செய்தி அவரைப் புண்படுத்தியது, இரண்டாவது வேலையைக் கெடுத்தது. இரண்டுக்கும் நடுவே எழுதுவதற்கு ஒரு நடை இருக்கிறதா?

---

தமிழாசான்_ஏறாவூர்

பெரியோருக்குக் கடிதம் எழுதும் முறை இன்றைய தலைமுறைக்குத் தெரியாமல் போவது வேதனைக்குரியது. விளியில் "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்குங்கள். உடலில் எல்லா இடத்திலும் "தாங்கள்" என்று எழுதுங்கள். "இப்பணியினை நிறைவேற்றித் தருமாறு தங்களைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்கின்றேன்" என்று முடியுங்கள். இப்படி எழுதினால் எவரும் மனம் நோக மாட்டார்.

---

கல்லாறு_நேர்கோடு

மன்னிக்க வேண்டும் ஆசிரியரே, அது விண்ணப்பம். ஒரு பணிப்புரையை அப்படி எழுத முடியாது.

என் கருத்து வேறு. அலுவலகத்தில் வயது பார்ப்பதே பிழை. 22 வயதில் புதிதாக வந்தவருக்கும் 58 வயதுக்காரருக்கும் ஒரே வாசகத்தை, ஒரே "வும்" போட்டு எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் மெல்லெழுத்து, மற்றவருக்கு வல்லெழுத்து என்றால் இளையவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். "சமர்ப்பிக்கவும்" என்பதில் எந்த அவமரியாதையும் இல்லை. திறப்பை மேசையில் வைத்தது அவருடைய குற்றம்; நீங்கள் அன்றே விளக்கம் கோரியிருக்க வேண்டும்.

---

பழைய_கோவை

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் முகாமைத்துவ உதவியாளராகத் தொடங்கி நிருவாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். இந்தக் கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்திருக்கிறேன். என்னைவிட இளைய ஐந்து மேலதிகாரிகளின் குறிப்புகளை வாசித்திருக்கிறேன், என்னைவிட மூத்தவர்களுக்கு எழுதியும் இருக்கிறேன்.

கல்லாறு நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. "சமர்ப்பிக்கவும்", "அறியத் தரவும்", "நடவடிக்கை எடுக்கவும்" என்னும் வடிவத்தில் முன்னிலைக்குரிய விகுதியே கிடையாது. "நீ" என்றும் சொல்லவில்லை, "நீங்கள்" என்றும் சொல்லவில்லை. ஆகவே அது மரியாதைக் குறைவும் அல்ல, மரியாதையும் அல்ல, குளிர்ச்சியானது, அவ்வளவுதான். ஒரே தரத்திலுள்ள இரண்டு திணைக்களத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள். களஞ்சியப் பொறுப்பாளர் தன் வாழ்நாளில் அந்த "வும்"மை ஆயிரக்கணக்கில் வாசித்திருப்பார். அவரைக் குத்தியது அது அல்ல.

அவரைக் குத்தியவை இவை என்று நினைக்கிறேன். பதினேழு பேருக்கு முன்னால் எழுதினீர்கள். அதில் அவர் வேலை பழக்கிவிட்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். இரவு எழுதி மறுநாள் காலை பத்து மணிக்குக் கேட்டீர்கள். தார்ப்பாயை விரித்து எண்ண எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாத ஒருவர் எழுதிய வாசகம் அது என்பது அவருக்கு உடனே விளங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, "தாமதம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது". ஒரு நாளும் தாமதிக்காதவருக்கு, தாமதிக்கும் முன்னரே கொடுத்த தண்டனை அந்த வாக்கியம். அதை நீக்கிவிட்டு, அவருக்கு மட்டும் பகல் நேரத்தில் அனுப்பியிருந்தால், அதே "சமர்ப்பிக்கவும்" சத்தமில்லாமல் போயிருக்கும்.

இரண்டாவது செய்தியில் நீங்கள் மென்மையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள். என்ன செய்வது, எத்தனை, யார், எப்போதைக்குள் என்ற நான்கும் வாக்கியத்தின் எலும்பு. அவற்றில் மென்மையைத் தடவினால் வாக்கியம் நிற்காது. "நேரம் கிடைக்கும்போது" என்றதும் திகதி போயிற்று. "ஒருக்காப் பார்த்துக்கொண்டால்" என்றதும் வேலை போயிற்று. "நல்லது" என்றதும் கட்டாயம் போயிற்று. செய்யாவிட்டால் நல்லதல்ல, அவ்வளவுதானே? அவர் உங்களை ஏமாற்றவில்லை. எழுதியதை எழுதியபடியே செய்திருக்கிறார்.

மென்மைக்கு உரிய இடங்கள் வேறு. ஏன் இந்த வேலை இப்போது வேண்டும் என்ற காரணத்தை முதலில் சொல்வது ஒன்று. அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பது இன்னொன்று. கடைசி வினைச்சொல் மூன்றாவது. இந்த மூன்றையும் எவ்வளவு வேண்டுமானாலும் இளக்கலாம், வேலை கெடாது.

---

அக்கரைப்பற்று_நெல்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அரச அலுவலகம் பற்றி எனக்குத் தெரியாது. அம்பாறை மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய நெல் ஆலை உண்டு. வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் 26 வயதில் நான் பார்க்க வேண்டியதாயிற்று. அங்கே தலைமை வேலையாளுக்கு வயது 61. ஊரே அவரைக் "காக்கா" என்றுதான் சொல்லும், நானும் அப்படித்தான்.

எழுத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. குரல் செய்தி அனுப்புங்கள். "காக்கா, ரெண்டாம் தொட்டி நெல்ல அசருக்கு முந்தி வடிச்சிருங்க" என்று என் குரலில் கேட்டால் அவர் செய்வார். அதையே எழுதி அனுப்பினால் கண்ணாடி தேடுவார், பிறகு வாசித்துத் தர மகனைக் கூப்பிடுவார், மகனுக்கு முன்னால் நான் அவருக்குக் கட்டளை போட்டதுபோல் ஆகிவிடும்.

ஒரு தடவை மட்டும் எழுத வேண்டி வந்தது. காய்ந்த நெல்லை அவர் பல்லால் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். "நொறுங்குது, போதும்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான் மீற்றர் ஒன்று வாங்கி, சுவரில் "ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் அரைக்கக் கூடாது. மீற்றரில் பார்க்கவும்" என்று எழுதி ஒட்டினேன். ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: "காக்கா, அரிசி வாங்குகிறவர் மீற்றர் வாசிப்பை எழுதிக் கேட்கிறார். நீங்கள் கடித்துச் சொல்லும் முடிவுக்குப் பக்கத்தில் மீற்றர் காட்டும் எண்ணையும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கொப்பியில் எழுதித் தாருங்கள்." இப்போது தவறாமல் எழுதுகிறார். மீற்றர் பிழை விடும் நாட்களைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டுவது அவருக்கு ஒரு சந்தோஷம்.

---

பழைய_கோவை

அக்கரைப்பற்றுத் தம்பி எழுத்து வேண்டாம் என்று தொடங்கி, மிக நல்ல எழுத்துக்கு உதாரணம் தந்துவிட்டார். அவருடைய முதலாவது கடதாசியில் பல்லுக்குப் பதிலாக மீற்றர் வந்தது. இரண்டாவதில் பல்லுக்குப் பக்கத்தில் மீற்றர் வந்தது. காரணமும் முதலாளியின் சந்தேகமாக இல்லாமல், அரிசி வாங்குகிறவரின் தேவையாக வெளியிலிருந்து வந்தது. அதே நேரத்தில் "ஒவ்வொரு தடவையும்", "இந்தக் கொப்பியில்" என்ற இரண்டும் இளகவில்லை என்பதையும் பாருங்கள்.

ஆனால் மிஸ்ஸுக்குக் குரல் செய்தி போதாது. கணக்காய்வு ஐயவினா வந்தால் கைபேசியைத் தூக்கிக் காட்ட முடியாது. எண்ணச் சொன்னீர்களா, எப்போது சொன்னீர்கள் என்பதைக் கோவை காட்ட வேண்டும். அது அந்த மனிதருக்கும் பாதுகாப்பு. குறைவு ஒன்று வெளிப்பட்டால், தான் எண்ணி அறிவித்த திகதி எழுத்தில் இருப்பதுதான் அவரை ஓய்வூதியம் வரைக்கும் காப்பாற்றும்.

---

கல்லாறு_நேர்கோடு

அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? எல்லோருக்கும் ஒரே வடிவம், எழுத்தில், திகதியோடு.

---

திறப்புக்கோர்வை57

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு 57 வயது. நானும் ஒரு களஞ்சியத்தில்தான் இருக்கிறேன், ஆனால் மிஸ் சொல்லும் ஆள் நான் அல்ல. எங்கள் இடத்தில் இப்போது இருக்கும் அதிகாரிக்கு வயது 31.

கல்லாறுத் தம்பி, ஒரே வடிவம் என்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒரே உள்ளடக்கம் என்பதில்தான் ஆட்சேபனை. எங்கள் அதிகாரி எனக்கு எழுதிய ஒரு குறிப்பில் "எண்ணும்போது ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கவும். கிழிந்தவற்றை வேறாக வைக்கவும். எண்ணிக்கையை உடனுக்குடன் குறித்துக்கொள்ளவும்" என்று இருந்தது. புதிதாக வந்த பிள்ளைக்கு அது தேவை. எனக்கு அதை எழுதியபோது, இருபத்தெட்டு வருடங்களாக நான் விரித்துப் பாராமல்தான் எண்ணினேன் என்று அவர் நினைக்கிறார் என்றே எனக்குப் பட்டது. எத்தனை எண்ண வேண்டும், எந்தத் திகதிக்குத் தர வேண்டும் என்று எழுதட்டும். எப்படி என்பதை என்னிடம் விட்டுவிடட்டும். புதிதாக ஒரு முறை வந்திருந்தால், "இம்முறை படிவம் மாறியுள்ளது, மூன்றாவது நிரல் புதியது" என்று மாறியதை மட்டும் சொன்னால் போதும்.

இன்னொன்று. அவருக்கு முன்பிருந்தவர் "தயவு செய்து" என்று ஒரு பக்கத்தில் நான்கு தடவை எழுதுவார். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு பேசுவதுபோல் இருக்கும். நான் என்ன, அடிக்கவா போகிறேன்? ஒரு தடவை போதும், அதுவும் அவசர வேலைக்குத்தான் பொருந்தும். ஆசிரியர் சொன்னதுபோல் மேலதிகாரி எனக்குப் "பணிவன்புடன்" என்று எழுதினால், அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்வேன். பணிவு கீழிருந்து மேலே போவது. மேலிருந்து வந்தால் அதில் வேறேதோ இருக்கிறது.

---

தமிழாசான்_ஏறாவூர்

நான் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இளையவர் மூத்தவருக்கு எழுதுவது என்று மட்டும் பார்த்தேன், யார் யாருக்குப் பொறுப்பு என்பதைக் கவனிக்கவில்லை. ஆயினும் "தாங்கள்" என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது பணிவுச் சொல் அல்ல, மதிப்புச் சொல்.

---

திறப்புக்கோர்வை57

எழுத்தில் "தாங்கள்" இருந்தால் எனக்கு வருத்தமில்லை ஐயா, ஆனால் நேரில் "நீங்க" என்று கதைக்கும் பிள்ளை கடதாசியில் "தாங்கள்" என்று எழுதினால், எனக்கு விளக்கம் கோரப் போகிறார் என்றுதான் முதலில் பயப்படுவேன். எங்கள் அலுவலகத்தில் "தாங்கள்" தலைகாட்டிய கடிதங்கள் பெரும்பாலும் நல்ல செய்தி கொண்டுவரவில்லை.

---

பழைய_கோவை

இதில் எனக்கு ஒரு முடிவான கருத்து இல்லை. சில கந்தோர்களில் "தாங்கள்" அன்றாடச் சொல், சிலவற்றில் அது புயல் கொடி. அவருக்கு இதற்கு முன்னிருந்தவர்கள் எழுதிய பழைய குறிப்புகளைக் கோவையில் புரட்டிப் பார்த்து, எது வழக்கம் என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரியாவிட்டால் வாக்கியத்தை அந்தச் சொல் தேவைப்படாதபடி அமைத்துவிடலாம். தமிழில் அதற்கு இடமுண்டு.

---

படுவான்கரை_மிஸ்

எல்லோருக்கும் நன்றி. திறப்புக்கோர்வை ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இப்போது குறிப்புத்தாளில் எழுதுவதற்காக ஒரு வரைவு தயாரித்திருக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

"களஞ்சியப் பொறுப்பாளர்,
மாரி காலம் நெருங்குவதால் தார்ப்பாய்களின் நிலையை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும். இருப்பேட்டின்படி 240 தார்ப்பாய்கள் இருத்தல் வேண்டும். குறைவு காணப்படின் அதற்கான காரணத்தை விளக்கவும். இவ்வேலையை 10ஆம் திகதிக்கு முன்னர் நாம் நிறைவு செய்வோம்.
பிரதி: பிரதேச செயலாளர்"

---

பழைய_கோவை

எலும்பு வந்துவிட்டது, ஆனால் மூன்று இடங்களில் இடறுகிறது.

முதலாவது "நாம்". நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் "நாம்" கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல், அந்த வகையில் இனிமையானது. முதல் வாக்கியத்தில் அது இருக்கட்டும்; மாரி நம் எல்லோருக்கும் வரும். கடைசி வாக்கியத்தில் "நாம் நிறைவு செய்வோம்" என்றால் யார் எண்ணுவது? நீங்களும் வந்து எண்ணுவீர்கள் என்று அவர் காத்திருந்தால் பிழை சொல்ல முடியாது. காரணத்தில் "நாம்" எழுதலாம், வேலையில் எழுதக் கூடாது.

இரண்டாவது, "குறைவு காணப்படின் அதற்கான காரணத்தை விளக்கவும்". எண்ணுவதற்கு முன்னரே குறைவைச் சொல்லிவிட்டீர்கள். முன்பு "தாமதம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது" என்று எழுதிய அதே கை இங்கேயும் எழுதுகிறது. அதற்குப் பதிலாக, நல்ல நிலையில் உள்ளவை, சேதமடைந்தவை, வெளியே கொடுக்கப்பட்டுத் திரும்பாதவை என்று மூன்று எண்களைக் கேளுங்கள். குறைவு இருந்தால் அது மூன்றாவது எண்ணில் தானாகவே வந்து உட்காரும், யாரும் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பிரதி. முதல் குறிப்பிலேயே மேலே பிரதி போட்டால், இவளுக்கு என்னிடம் நேரே சொல்லத் தெரியாது, முறையிடத்தான் தெரியும் என்று நினைப்பார். வேலை நடக்காமல் நினைவூட்டல் எழுத வேண்டி வந்தால் அப்போது பிரதி போடலாம்.

---

கல்லாறு_நேர்கோடு

பிரதி விடயத்தில் நான் உடன்படவில்லை. மேலதிகாரிக்குத் தெரியாமல் களஞ்சியத்தை எண்ணச் சொல்வது பிற்பாடு உங்களுக்கே பிரச்சினையாகலாம். ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் தனியாகக் கட்டளையிட்டார், அவர் மறுத்தார் என்று கதை திரும்பினால் சாட்சிக்கு யார்? நான் பிரதியை வைத்துக்கொள்வேன். மற்ற இரண்டையும் ஏற்கிறேன்.

---

பழைய_கோவை

நீங்கள் சொல்லும் அபாயம் உண்மையானது. சில இடங்களில் நானும் பிரதி போட்டிருக்கிறேன். பிரதேச செயலாளருக்கு வாய்மொழியாக முன்கூட்டியே சொல்லிவைப்பது ஒரு நடுவழி. எது பொருந்தும் என்பது அந்த அலுவலகத்தைப் பொறுத்தது. மிஸ்தான் தீர்மானிக்க வேண்டும்.

வினைச்சொல்லைப் பற்றி ஒரு சொல். "தரவும்", "தருமாறு கேட்டுக்கொள்கிறேன்", "தாருங்கள்" ஆகிய மூன்றில் எதைப் போட்டாலும் அது பணிப்புரைதான், சூடுதான் வித்தியாசம். "தந்தால் நல்லது", "தர முடியுமா", "தரலாம்" என்று போனால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், அது வேண்டுகோள் அல்லது அனுமதி. குறிப்புத்தாளுக்கு "தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" போதுமான இளக்கம். "கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அதனால்தான் "வும்"மைவிடச் சற்று வெப்பமாக இருக்கிறது.

எழுதுவதற்கு முன்னர் ஒருமுறை களஞ்சியத்துக்கே நடந்து போய் அவரிடம் சொல்லிவிடுங்கள். "ஐயா, மாரிக்கு முன்னர் தார்ப்பாய்க் கணக்கு எழுத்தில் வேண்டும், குறிப்பு ஒன்று அனுப்புகிறேன், எத்தனை நாள் தேவைப்படும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாளையே திகதியாகப் போடுங்கள். அவருடைய வாயால் வந்த திகதியை எழுத்தில் இறுக்கினால் அவருக்கு வலிக்காது.

---

அக்கரைப்பற்று_நெல்

நான் சொன்னதும் இதுதானே? முதலில் குரல்.

---

பழைய_கோவை

முதலில் குரல், பின்னர் கடதாசி. அந்தப் பாதியை முழுமையாக ஏற்கிறேன் தம்பி.

---

படுவான்கரை_மிஸ்

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். களஞ்சியத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் அரிசி மூட்டை ஒன்றில் இருந்துகொண்ட பிறகுதான் அவரும் இருந்தார். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டேன். கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "தனிய எண்டா ஆறு நாள், ஒரு பொடியனத் தந்தா நாலு" என்றார். அந்த இரவு வாட்சப் செய்தி பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இறுதியாக எழுதிய குறிப்பு இது:

"களஞ்சியப் பொறுப்பாளர்,
மாரி காலத்துக்கு முன்னர் தார்ப்பாய்களின் உண்மையான நிலையை மாவட்டத்துக்கு அறிவிக்க வேண்டியுள்ளது. நான் முன்னர் அனுப்பிய விவரம் இருப்பேட்டிலுள்ள எண்ணிக்கை மட்டுமே, பொருட்கள் எண்ணப்படவில்லை. இருப்பேட்டில் 240 பதிவாகியுள்ளது. நல்ல நிலையில் உள்ளவை, சேதமடைந்தவை, வழங்கப்பட்டு இதுவரை திரும்பாதவை ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் இக்குறிப்பிலேயே எழுதி 14ஆம் திகதி பி.ப. 3.00 மணிக்கு முன்னர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உதவிக்கு அலுவலகப் பணி உதவியாளர் ஒருவர் 10ஆம் திகதி முதல் நான்கு நாட்களுக்கு விடுவிக்கப்பட்டுள்ளார். கடந்த வெள்ளத்தின்போது எவ்வகைத் தார்ப்பாய் அதிகமாகக் கிழிந்தது என்பது குறித்த உங்கள் அனுபவத்தையும் அறியத் தரவும். புதிய கொள்வனவுக்கு அது தேவைப்படும்."

கோவையில் பழைய குறிப்புகளைப் பார்த்தேன், எங்கள் இடத்தில் "தாங்கள்" இல்லை. "உங்கள்" என்று ஒரு தடவை மட்டும் எழுதினேன். பிரதி போடவில்லை, பிரதேச செயலாளரிடம் முதலிலேயே வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன்.

---

பழைய_கோவை

இரண்டாவது வாக்கியத்தில் உங்கள் பிழையை நீங்களே கோவையில் பதிந்திருக்கிறீர்கள். நான் அதைச் சொல்லித்தரவில்லை. மன்னிப்பு என்ற சொல் இல்லாமலே அவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வந்ததா?

---

படுவான்கரை_மிஸ்

14ஆம் திகதி பகல் ஒன்றரை மணிக்கு வந்தது. என் குறிப்புக்குக் கீழே, நீல மையில், சாய்வில்லாத பழைய கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தார்:

"எண்ணப்பட்டது. நல்லவை 187. சேதம் 41. வழங்கித் திரும்பாதவை 12. இவை கடந்த வெள்ளத்தில் பாடசாலை ஒன்றுக்குத் துண்டின் மீது கொடுக்கப்பட்டன, துண்டு இணைக்கப்பட்டுள்ளது. சேதத்தில் 26 வெள்ளத்தால் அல்ல, எலியால். எலிப்பொறி நான்கு உடன் வாங்கித் தரவும்."

அந்தப் பன்னிரண்டு பற்றி இருப்பேட்டில் ஒரு வரியும் இல்லை. நான் என் பழைய வரைவின்படி "குறைவுக்குக் காரணம் விளக்கவும்" என்று எழுதியிருந்தால் அந்தத் துண்டு இப்படி இணைப்பாக வந்திருக்குமா, அல்லது மீண்டும் திறப்புக் கோர்வைதான் மேசைக்கு வந்திருக்குமா தெரியாது.

---

திறப்புக்கோர்வை57

எலி விடயம் உண்மை. மடித்து அடுக்கிய தார்ப்பாய்க்குள்தான் குட்டி போடும். தார்ப்பாய் மடிப்பை மரத்தட்டில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரியும். மரத்தட்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

---

கல்லாறு_நேர்கோடு

உங்களுக்கே "வாங்கித் தரவும்" என்று எழுதிவிட்டாரே, அதுவும் "உடன்" போட்டு! இப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?

---

படுவான்கரை_மிஸ்

முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நேற்று மரத்தட்டு பற்றிக் கேட்டேன், இரண்டுதான் இருக்கிறதாம். நான்கு எலிப்பொறிகளுக்கும் மூன்று மரத்தட்டுகளுக்கும் கொள்வனவுக் கோவை திறந்திருக்கிறேன். வாட்சப் குழுவில் மட்டும் அவர் இன்னும் என் செய்தி எதற்கும் பதில் எழுதுவதில்லை. நீலக்கோடு விழுகிறது, அவ்வளவுதான்.